இறக்கத்தில் நியூட்ரல்: பெட்ரோல் மிச்சமா, செலவா?

போன எபிசோடுல டயர் காற்றழுத்தத்துக்கும் மைலேஜுக்கும் என்ன சம்பந்தம்னு பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல திரும்பத் திரும்ப வந்தது ஒரே கேள்விதான்: “மேனுவல் கார்ல இறக்கம் வரும்போது நியூட்ரல் போட்டா பெட்ரோல் மிச்சமாகுமா?”

பதிலை முதல்லயே சொல்லிடறேன். இன்னைக்கு ரோட்ல ஓடுற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்ல, மலை இறக்கத்துல நியூட்ரல் போட்டா பெட்ரோல் செலவாகும். கியர்லயே வச்சுட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா, அந்த நேரத்துக்குப் பெட்ரோல் செலவு பூஜ்யம். சமதரையில கதை கொஞ்சம் வேற, அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆனா முதல்ல, கியர்ல இருந்தா ஏன் பூஜ்யம்?

சுத்துறது வேற, குடிக்கிறது வேற

நம்ம எல்லாருக்கும் மனசுல ஒரு படம் இருக்கு. ஆர்பிஎம் முள் மேல போனா இன்ஜின் நிறைய குடிக்குது, கீழ வந்தா கம்மியா குடிக்குது. நியூட்ரல் போட்டா முள் 800-க்கு வந்துடும். கியர்ல இறங்கினா 2,500-ல நிக்கும். அப்போ நியூட்ரல்தானே லாபம்?

இந்தப் படம் கால் ஆக்சிலரேட்டரில் இருக்கும்போது ஓரளவு சரி. காலை எடுத்த பிறகு இது பொருந்தாது. அப்போது இன்ஜினை எது சுற்ற வைக்கிறது என்று பாருங்கள். கார் கியரில் இருந்தால், சக்கரம் கியர்பாக்ஸைச் சுற்றுகிறது, கியர்பாக்ஸ் கிளட்ச் வழியாக இன்ஜினைச் சுற்றுகிறது. இன்ஜின் நிற்காமல் இருக்கப் பெட்ரோலே தேவையில்லை. காரின் வேகமே அதைச் சுற்றிக்கொண்டு வருகிறது.

காரில் இருக்கும் இசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், இரண்டு விஷயங்களைக் கவனிக்கிறது. ஒன்று, த்ராட்டில் மூடியிருக்கிறதா. இன்னொன்று, இன்ஜின் ஐடில் வேகத்தைவிட நன்றாக மேலே சுற்றுகிறதா. இரண்டும் ஆமென்றால், ‘இப்போ பெட்ரோல் எதுக்கு’ என்று இன்ஜெக்டரை மூடிவிடும். ஒரு சொட்டுகூட உள்ளே போகாது. வேகம் குறைந்து ஆர்பிஎம் 1,200, 1,500 பக்கம் இறங்கியதும், இன்ஜின் அணைந்துவிடக் கூடாதே என்று மறுபடி திறந்துவிடும். அந்த எல்லை காருக்குக் கார் மாறும். இன்ஜின் சூடேறாமல் இருக்கும் முதல் சில நிமிடங்களில் பல கார்கள் இதைச் செய்வதும் இல்லை.

இப்போ நியூட்ரலுக்கு வாங்க. நியூட்ரல்ல சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்துபோச்சு. இன்ஜின் தன்னைத்தானே சுத்த வச்சுக்கணும். அதுக்கு ஐடில்ல எவ்வளவு பெட்ரோல் வேணுமோ அவ்வளவு எரிச்சே ஆகணும். 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு அது மணிக்கு சுமார் 0.7 லிட்டர். ஏசி போட்டிருந்தா இன்னும் கூடும். கியர்ல இறங்கும்போது ஏசி கம்ப்ரஸரையும் சக்கரம்தான் சுத்துது, அதனால அந்த நேரத்துக்கு ஏசியும் இலவசம்.

அப்பா சொன்னது ஏன் அப்படி?

“எங்கப்பா முப்பது வருஷமா இறக்கத்துல நியூட்ரல்தான் போடறாரு”ன்னு பல பேர் எழுதியிருந்தீங்க. அவர் வண்டி கத்துக்கிட்ட காலத்துல அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. அப்போ இருந்தது கார்புரேட்டர். அதுல கம்ப்யூட்டர் கிடையாது. இன்ஜின் உள்ளே இழுக்கும் காற்றின் உறிஞ்சலே பெட்ரோலையும் சேர்த்து இழுக்கும். கியரில் காலை எடுத்து இறங்கும்போது அந்த உறிஞ்சல் இன்னும் பலமாக இருக்கும், அதனால் பெரும்பாலான கார்புரேட்டர் வண்டிகளில் ஐடில் துளை வழியாகப் பெட்ரோல் போய்க்கொண்டே இருந்தது. ஆர்பிஎம்மும் அதிகம் என்பதால், நியூட்ரலைவிடச் செலவு கூடவே ஆகியிருக்கும்.

1998-ல் சான்ட்ரோ எம்பிஎஃப்ஐ இன்ஜினோடு வந்தது. அதையொட்டிய சில வருடங்களில் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் கார்புரேட்டர் கார்கள் ஷோரூமிலிருந்து மறைந்தன. வண்டி மாறிவிட்டது, அறிவுரை மட்டும் மாறவில்லை. அதனால அப்பாகிட்ட சண்டை போடாதீங்க. “அந்த வண்டிக்கு நீங்க சொன்னது சரிப்பா, இந்த வண்டியில இன்ஜெக்டர் இருக்கு”ன்னு சொல்லிப் பாருங்க.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை

இப்போ ஒரு நிஜமான இறக்கத்தை எடுத்துக் கணக்குப் போடுவோம். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர். நடுவில் ரோடு 33 கிலோமீட்டர் பக்கம். அதாவது ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தை 33 கிலோமீட்டரில் இறங்குகிறோம். ஒரு சின்ன ஹேட்ச்பேக், நாலு பேர், பைகள் எல்லாம் சேர்த்து 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சராசரி 35 கி.மீ. வேகம், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்.

முதலில் பெட்ரோல். முழுக்க நியூட்ரலில் வந்தால் ஐடில் செலவு சுமார் 0.65 லிட்டர். இரண்டாவது, மூன்றாவது கியரில் வந்தால் பெரும்பகுதி நேரம் பூஜ்யம். கொண்டை ஊசி வளைவில் வேகம் ரொம்பக் குறையும்போதும், நடுவில் வரும் சமதரையில் லேசாக ஆக்சிலரேட்டர் தொடும்போதும் மட்டும் கொஞ்சம் போகும். மூன்றில் இரண்டு பங்கு நேரம் இன்ஜெக்டர் மூடியிருந்தாலே 0.4 லிட்டருக்கு மேல் மிச்சம். பெரிய பணம் இல்லை, நாற்பது ரூபாய்க்கு மேல். ஆனால் கவனியுங்கள், மிச்சம் பண்ணுவதாக நினைத்து நியூட்ரல் போட்டவர்தான் அந்தப் பணத்தைக் கூடுதலாகக் கட்டியிருக்கிறார்.

இந்த இறக்கத்துல பெரிய விஷயம் பெட்ரோல் இல்லீங்க, பிரேக். 1,200 கிலோவை 1,500 மீட்டர் இறக்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 17.6 மெகாஜூல். டயர் உருளும்போது ஏற்படும் தடையும் காற்றும் இதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 11 மெகாஜூலுக்கு மேல். இது எவ்வளவு என்று புரிய, வீட்டுக்கு வரும் 20 லிட்டர் வாட்டர் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட இரண்டு கேன் தண்ணீரை, சாதாரணச் சூட்டிலிருந்து கொதிநிலை வரை கொண்டுவரும் வெப்பம் அது.

இந்த வெப்பம் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். நியூட்ரலில் வந்தால் போக ஒரே இடம்தான்: நாலு பிரேக்குகள். அதிலும் முக்கியமாக முன்சக்கரத்தில் இருக்கும் இரண்டு டிஸ்க். ஒரு மணி நேரம் பரவிப் போனால் காற்று கொஞ்சம் குளிரவைக்கும். ஆனால் செங்குத்தான நாலு கிலோமீட்டரில் மொத்தமாகச் சூடேறினால் பிரேக் பேடின் பிடிப்பு குறையும். இன்னும் சூடானால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும். திரவத்தை அழுத்தினால் பிரேக் பிடிக்கும், குமிழியை அழுத்தினால் பெடல் மட்டும்தான் உள்ளே போகும்.

எப்படித் தெரிஞ்சுக்கிறது? கருகின வாடை முதல்ல வரும். அப்புறம் அதே அளவு வேகம் குறைய முன்னைவிடப் பலமா மிதிக்க வேண்டியிருக்கும். அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி ஆகும். முதல் அறிகுறியிலயே இன்னும் கீழ் கியருக்கு மாத்தி, பாதுகாப்பான இடத்துல ஓரங்கட்டி நிறுத்துங்க. அரை மணி நேரம் ஆறட்டும். தண்ணி ஊத்தாதீங்க, சூடான டிஸ்க் கோணிடும்.

இன்ஜின் எப்படி பிரேக் போடுது?

கியரில் வந்தால் அந்த 11 மெகாஜூலில் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொண்டு, ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியே விட்டுவிடும். வெப்பத்தை வெளியேற்றவென்றே செய்த அமைப்புகள் அவை.

பலர் நினைப்பது, பிஸ்டன் காற்றை அமுக்குவதால்தான் வண்டி இழுத்துப் பிடிக்கிறது என்று. அமுக்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி திரும்பத் தள்ளிவிடும், அதனால் அதில் நிகர இழப்பு கம்மி. பெட்ரோல் இன்ஜினில் உண்மையான தடை த்ராட்டிலில் இருக்கிறது. ஸ்ட்ராவின் நுனியைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு ஜூஸ் குடித்துப் பாருங்கள். கன்னம் உள்ளே ஒட்டிக்கொள்ளும். மூடிய த்ராட்டில் வழியாகக் காற்றை இழுக்கும் பிஸ்டனுக்கு அதே கஷ்டம்தான். அதோடு இன்ஜினின் உள் உராய்வும் சேர்கிறது. ஆர்பிஎம் ஏற ஏற இந்த இரண்டும் கூடும். அதனால்தான் கீழ் கியர் பலமாகப் பிடிக்கிறது.

எந்த கியர்ல இறங்கணும்? லாரி ஓட்டுறவங்க சொல்ற பழைய கணக்கு ஒண்ணு இருக்கு: எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்ல இறங்கு. தொடங்க அது நல்ல கணக்கு. ஆனா இப்போ இருக்குற சக்தியான கார்கள் மூணாவதுலயே ஏறிடும், இறங்க இரண்டாவது தேவைப்படும். அதனால இப்படிப் பாருங்க: காலை முழுசா எடுத்த பிறகும் வேகம் கூடிக்கிட்டே போகுதா? அப்போ இன்னும் ஒரு கியர் கீழ போகணும். சின்ன பெட்ரோல் காரில் இரண்டாவது கியரில் 35 கி.மீ. வேகம்னா ஆர்பிஎம் 2,800 பக்கம் இருக்கும். சத்தம் கேட்டு பயப்பட வேண்டாம், இன்ஜினுக்கு அது சாதாரண வேகம்.

பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. 70 கி.மீ. வேகத்தில் வரும்போது நேராக இரண்டாவதிலோ முதலாவதிலோ போட்டுக் கிளட்சை விட்டுவிடக் கூடாது. இன்ஜினை இப்போது சுற்றுவது சக்கரம். சிவப்புக் கோட்டைத் தாண்டினால் எந்தக் கம்ப்யூட்டராலும் தடுக்க முடியாது. முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள், பிறகு கியரை மாற்றுங்கள். இதையெல்லாம் இறக்கம் தொடங்கும் முன்பே செய்துவிடுவது நல்லது.

இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு உருட்டுற ஆளுங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. பிரேக் பெடலை லேசாக்கித் தர்ற பூஸ்டர், பெட்ரோல் கார்ல இன்ஜினோட உறிஞ்சல்லதான் வேலை செய்யுது. ஆஃப் பண்ணினா இரண்டு மூணு மிதிக்கு அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். பவர் ஸ்டியரிங்கும் கூடவே போயிடும். சாவியை முழுசாத் திருப்பி எடுத்தா ஸ்டியரிங் பூட்டிக்கவும் வாய்ப்பு இருக்கு. அதைச் செய்யவே செய்யாதீங்க.

சமதரையில் சிக்னல் வந்தால்?

இங்கேதான் நியூட்ரல் கட்சிக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நேர்மையாகக் கணக்குப் போடுவோம். 60 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். தூரத்தில் சிக்னல் சிவப்பு. அதை நெருங்கும்போது வேகம் 30-க்கு வந்திருக்க வேண்டும், பிறகு பிரேக். அந்த இடம் இன்னும் 420 மீட்டரில் இருக்கிறது. அதே காரில் மூன்று பேர்.

முதல் ஆள் கடைசி 70 மீட்டர் வரை ஆக்சிலரேட்டரிலேயே கால் வைத்திருந்து, பிறகு பிரேக் போடுகிறார். 350 மீட்டருக்குப் பெட்ரோல் எரிகிறது. அந்த வேகத்தில் லிட்டருக்கு 22 கி.மீ. என்றால், 16 மில்லி.

இரண்டாம் ஆள் பாதி வழியில் காலை எடுத்துவிட்டு, கியரிலேயே உருள்கிறார். இன்ஜின் பிடிப்பதால் 60-லிருந்து 30-க்கு வர அவருக்கு ஏறக்குறைய 210 மீட்டர் போதும். முதல் 210 மீட்டருக்கு 9.5 மில்லி, அடுத்த 210-க்குப் பூஜ்யம்.

மூன்றாம் ஆள் 420 மீட்டர் முன்பே நியூட்ரல் போட்டுவிடுகிறார். பிடிக்க இன்ஜின் இல்லாததால் கார் ரொம்ப தூரம் உருளும். 33 வினாடி ஐடில், 6.5 மில்லி.

ஆக, கணக்குப்படி நியூட்ரல் ஆள் ஜெயிக்கிறார். மூணு மில்லி. இன்னைய விலையில முப்பது பைசா. அதுக்கு அவர் 420 மீட்டருக்கு முன்னாலயே சிக்னலைச் சரியாக் கணிச்சிருக்கணும். பின்னால ஹாரன் அடிக்கிறவங்களைச் சமாளிக்கணும். நடுவுல சிக்னல் பச்சையாயிட்டாலோ, யாராவது குறுக்கே வந்து விலக வேண்டியிருந்தாலோ, சரியான கியரைத் தேடிப் போட்ட பிறகுதான் வண்டி இழுக்கும். இரண்டாம் ஆளுக்கு அது கால் அசைவு மட்டும்.

இந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் உள்ள வித்தியாசம். மொத்த மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு, கியரைத் தொடாமல் காலை முன்கூட்டி எடுத்ததிலேயே வந்துவிட்டது.

இன்னொரு சந்தேகமும் இங்க வரும். “பூஜ்யம்தானே, அப்போ சிக்னலுக்கு வரும்போது நாலு, மூணு, இரண்டுன்னு ஒவ்வொண்ணா இறக்கலாமா?” தேவையில்ல. நாலாவதுல பூஜ்யம்னா இரண்டாவதுலயும் அதே பூஜ்யம்தான், அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. கீழ் கியர் போட்டா சீக்கிரம் வேகம் குறையும், உருள்ற தூரம்தான் நஷ்டம். கிளட்சும் சும்மா தேயும். மலை இறக்கத்துல நமக்குப் பிடிப்பு வேணும், அதனால கீழ் கியர். சமதரையில நமக்குத் தூரம் வேணும், அதனால இருக்குற மேல் கியர்லயே விட்டுட்டு, ஆர்பிஎம் ஐடில் பக்கம் வரும்போது கிளட்சை மிதிங்க.

கால் ஆக்சிலரேட்டரில் இருக்கும்போது

காலை எடுத்தால் எந்த கியரிலும் பூஜ்யம். கால் வைத்தால் கியர் ரொம்ப முக்கியம். 50 கி.மீ. வேகத்தில் சீராகப் போக காருக்குத் தேவையான சக்தி மூன்றாவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் ஒன்றேதான். ஆனால் மூன்றாவதில் ஆர்பிஎம் 2,500 பக்கம், ஐந்தாவதில் 1,500 பக்கம். கூடுதலாகச் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் உராய்வு உண்டு. அதோடு, மூன்றாவதில் த்ராட்டில் கொஞ்சமாகத்தான் திறந்திருக்கும், அதாவது அந்தக் கிள்ளிய ஸ்ட்ரா. ஐந்தாவதில் அதே சக்திக்கு த்ராட்டில் அகலமாகத் திறக்க வேண்டும், ஸ்ட்ரா விரிகிறது. மலை இறக்கத்தில் நமக்கு உதவிய அதே தடை, இங்கே நம் பெட்ரோலைத் தின்கிறது.

அதுக்காக 35-ல அஞ்சாவது போடாதீங்க. இன்ஜின் நடுங்கினா, ஆக்சிலரேட்டர் மிதிச்சதும் கடகடன்னு தட்டுற சத்தம் கேட்டா, கியர் ரொம்ப மேல இருக்குன்னு அர்த்தம். பாலம் ஏறும்போதும், ஓவர்டேக் பண்ணும்போதும் தயங்காம கீழ் கியருக்கு வாங்க. மேல் கியர்ல முழுசா மிதிச்சா, கம்ப்யூட்டர் இன்ஜினைக் காப்பாத்த வழக்கத்தைவிட அதிகப் பெட்ரோலை விடும். மேல் கியர்ல கிடைக்கிற லாபம் அங்க போயிடும்.

நீங்களே பார்த்துக்கலாம்

உங்க கார்ல உடனடி மைலேஜ் காட்டுற மீட்டர் இருந்தா, இன்ஜின் சூடான பிறகு ஒரு மேம்பால இறக்கத்துல மீட்டரைப் பக்கத்துல உக்காந்திருக்குறவரைப் பார்க்கச் சொல்லுங்க. நீங்க ரோட்டைப் பாருங்க. கியர்ல காலை எடுத்ததும் எண் அது காட்டக்கூடிய உச்சத்துக்குப் போய் நிக்கும், சில கார்ல 99.9, சிலதுல பட்டை முழுசா நிறையும். செலவு பூஜ்யம்ங்கறதை மீட்டர் சொல்ற விதம் அது. பிறகு அதே வேகம் குறைஞ்சுக்கிட்டே வந்து ஆர்பிஎம் 1,200 பக்கம் வரும்போது, இன்ஜின் பிடி லேசா விடுற மாதிரி ஒரு சின்ன அசைவு தெரியும், எண்ணும் இறங்கும். இன்ஜெக்டர் மறுபடி திறந்த நேரம் அது.

டீசல் கார் வச்சிருக்கவங்க கேப்பீங்க. பெட்ரோல் மாதிரியே அதுலயும் காலை எடுத்தா எரிபொருள் நிக்கும். ஆனா டீசல் இன்ஜின் காற்றை த்ராட்டிலால அடைச்சு வேகத்தைக் கட்டுப்படுத்துறதில்ல, அதனால இன்ஜின் பிடிப்பு அவ்வளவு பலமா இருக்காது. மலையில ஒரு கியர் கூடுதலாக் கீழ வர வேண்டியிருக்கும். பஸ், லாரியில எக்ஸாஸ்ட் பிரேக்னு தனியா ஒண்ணு இருக்கறதுக்கும் காரணம் அதுதான்.

அடுத்த எபிசோடுல கிளட்ச். சிக்னல்ல நிக்கும்போது முதல் கியர் போட்டுக் கிளட்சை மிதிச்சுக்கிட்டே இருக்கலாமா, இல்ல நியூட்ரல் போடணுமான்னு கேட்டிருந்தீங்க. வண்டி நிக்குற அந்த இடத்துல நியூட்ரலுக்கு வேலை உண்டு. ஏன்னு அப்போ பேசலாம்.